தனி ஊசலின் அலைவு நேரம் எதைப் பொறுத்தது? – அறிவியல் கண்காட்சி அறிக்கை

செயல்திட்டத் தாளைப் பற்றி

ஆசிரியர் வகுப்பில் காட்டிய அறிவுறுத்தல் தாளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்து, அதைப் பார்த்தே இந்தச் சோதனையைச் செய்தேன். தாளில் பொருள்களும் கேள்விகளும் அட்டவணையும் கலந்து இருந்ததால், அவற்றைக் கருதுகோள், செய்முறை, முடிவுகள் என்று பிரித்து எழுதியுள்ளேன். ஊசலை எந்தக் கோணத்தில் விட வேண்டும் என்ற வரி படத்தில் என் கையின் நிழலில் மறைந்துவிட்டது. கோணம் சிறிதாக இருந்தால்தான் அலைவு நேரம் அதைப் பொறுத்து மாறாது என்பதால், எல்லா முறையும் 10 பாகைக்குள் விட்டேன்.

கருதுகோள்

நூலின் நீளம் நான்கு மடங்கானால் அலைவு நேரம் இரண்டு மடங்காகும். தொங்கும் பொருளின் நிறையை மாற்றினால் அலைவு நேரம் மாறாது.

செய்முறை

கதவுச் சட்டத்தில் அடித்த ஆணியில் நூலைக் கட்டி, மறுமுனையில் இரும்பு நட்டு ஒன்றைத் தொங்கவிட்டேன். ஆணியிலிருந்து நட்டின் நடுப்புள்ளி வரை உள்ள தூரத்தையே நீளமாகக் கொண்டேன். ஓர் அலைவை மட்டும் அளந்தால் நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் தாமதமே பெரிய பிழையாகிவிடும் என்பதால், 20 அலைவுகளுக்கான நேரத்தை மூன்று முறை அளந்து, சராசரியை 20ஆல் வகுத்தேன். பிறகு 50 செ.மீ. நீளத்தில் மூன்று நட்டுகளை வைத்து அதே அளவீட்டைச் செய்தேன்.

முடிவுகள்

| நீளம் (செ.மீ.) | நட்டுகள் | 20 அலைவுகள் (விநாடி) | அலைவு நேரம் (விநாடி) |
|---|---|---|---|
| 25 | 1 | 20.2 | 1.01 |
| 50 | 1 | 28.5 | 1.43 |
| 100 | 1 | 40.2 | 2.01 |
| 50 | 3 | 28.6 | 1.43 |

நீளம் 25 செ.மீ.யிலிருந்து 100 செ.மீ.க்கு உயர்ந்தபோது அலைவு நேரம் 1.01 விநாடியிலிருந்து 2.01 விநாடியானது, எனவே கருதுகோளின் முதல் பகுதி சரியாக வந்தது. இரண்டாம் பகுதி முதல் முயற்சியில் பொய்த்ததுபோலத் தோன்றியது. மூன்று நட்டுகளுக்கு 20 அலைவுகள் 29.0 விநாடி எடுத்தன, நிறை கூடியதால்தான் நேரமும் கூடியது என்று முதலில் எழுதியும் வைத்தேன். நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டியிருந்ததால் அவற்றின் நிறை மையம் ஏறக்குறைய 2 செ.மீ. இறங்கி ஊசலின் நீளமே கூடியிருந்தது என்பது, நூலை மறுபடி அளந்தபோதுதான் தெரிந்தது. மூன்றையும் ஒரே உயரத்தில் பக்கம்பக்கமாகக் கட்டி மீண்டும் அளந்தபோது கிடைத்த 28.6 விநாடியே அட்டவணையில் உள்ளது. ஒரு நட்டுக்குக் கிடைத்த நேரத்துடன் உள்ள 0.1 விநாடி வேறுபாடு, கை அழுத்தும் தாமதத்துக்குள் அடங்கும்.

100 செ.மீ. அளவீட்டை T = 2π√(L/g) என்ற சமன்பாட்டில் இட்டால் புவியீர்ப்பு முடுக்கமான g-இன் மதிப்பு 9.77 மீ/வி² என வருகிறது. பாடநூல் தரும் 9.8க்கு இது மிக அருகில் உள்ளது.