பொருள்: செல் சுவாசம் – ஸ்லைடு 27-இல் உள்ள ஏ.டி.பி. கணக்கும் பாடநூலின் கணக்கும் குறித்து

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி நிவேதா. செவ்வாய்க்கிழமை வகுப்பில் தாங்கள் நடத்திய செல் சுவாசம் பற்றிய ஸ்லைடுகளைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் படித்தபோது எழுந்த ஓர் ஐயத்தைக் கேட்பதற்காக எழுதுகிறேன். வகுப்பு முடியும் நேரத்தில் அந்த ஸ்லைடு வேகமாகக் கடந்துவிட்டதால் அப்போதே கேட்க முடியவில்லை.

ஸ்லைடு 27-இல் உள்ள அட்டவணையின் கடைசி வரிசையில், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடையும்போது 38 ஏ.டி.பி. கிடைக்கும் என்று சிவப்பு எழுத்தில் தரப்பட்டுள்ளது. அதன் கீழே சிறிய எழுத்தில், ஷட்டிலைப் பொறுத்து 36 ஆகலாம் என்ற குறிப்பும் இருக்கிறது. பாடநூலின் ஆக்சிஜனேற்ற பாஸ்பேட்டேற்றம் பற்றிய அத்தியாயமோ இதே கணக்கை 30 அல்லது 32 என்று முடிக்கிறது.

முதலில், இரண்டும் வெவ்வேறு வினைகளைச் சேர்த்துக்கொள்கின்றனவோ என்று நினைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். அப்படி இல்லை. கிளைக்கோலைசிஸில் 2, பைருவேட் அசெட்டைல் கோ-ஏ ஆகும்போது 2, கிரெப்ஸ் சுழற்சியில் 6 என மொத்தம் 10 என்.ஏ.டி.எச்., அதனுடன் 2 எஃப்.ஏ.டி.எச்.2, நேரடியாக உருவாகும் 4 (கிளைக்கோலைசிஸின் நிகர 2 ஏ.டி.பி., கிரெப்ஸ் சுழற்சியின் 2 ஜி.டி.பி.) என்பதில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. ஒரு என்.ஏ.டி.எச்.க்கும் ஒரு எஃப்.ஏ.டி.எச்.2-க்கும் எத்தனை ஏ.டி.பி. என்ற பெருக்கெண்ணில்தான் பிரிகின்றன.

ஸ்லைடு 27: 10 × 3 + 2 × 2 + 4 = 38
பாடநூல்: 10 × 2.5 + 2 × 1.5 + 4 = 32

கிளைக்கோலைசிஸில் உண்டான இரண்டு என்.ஏ.டி.எச்.களின் எலக்ட்ரான்கள் கிளிசரால் பாஸ்பேட் ஷட்டில் வழியாகச் சென்றால் அவற்றுக்கு எஃப்.ஏ.டி.எச்.2-இன் மதிப்பே கிடைப்பதால், முதல் கணக்கு 36 ஆகவும் இரண்டாவது 30 ஆகவும் குறைகின்றன. ஆகவே 38-க்கும் 36-க்கும் இடையிலான வேறுபாடு எனக்குப் புரிகிறது. 38-க்கும் 32-க்கும் இடையிலானதுதான் பிரச்சினை.

இதை எழுதத் தூண்டியது பாடநூலைவிட ஸ்லைடு 19 என்றே சொல்ல வேண்டும். ஒரு என்.ஏ.டி.எச்.இன் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சென்றடைவதற்குள் 10 புரோட்டான்கள் வெளியேற்றப்படுகின்றன என்றும், எஃப்.ஏ.டி.எச்.2 முதல் காம்ப்ளெக்ஸைத் தவிர்த்து நுழைவதால் 6 மட்டுமே என்றும், பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவரும் ஒரு புரோட்டானையும் சேர்த்து ஒரு ஏ.டி.பி.க்கு 4 புரோட்டான்கள் தேவை என்றும் தாங்களே படத்துடன் விளக்கியிருந்தீர்கள். அதைப் பின்பற்றி வகுத்தால் 10/4 = 2.5, 6/4 = 1.5 என்று பாடநூலின் எண்களே வருகின்றன. எட்டு ஸ்லைடுகள் கழித்து 3-உம் 2-உம் எங்கிருந்து வந்தன என்பதை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியில் குறிப்பிட்ட இடங்களில் ஒவ்வோர் ஏ.டி.பி. உருவாகிறது என்று கருதப்பட்ட காலத்தில் முழு எண்களே எதிர்பார்க்கப்பட்டன என்றும், 1961-இல் பீட்டர் மிட்செல் முன்வைத்த வேதிச்சவ்வூடு கோட்பாட்டின்படி இடையில் நிற்பது புரோட்டான் சரிவு என்பதால் பின்ன மதிப்பு வருவதில் தடையில்லை என்றும் புரிந்துகொண்டிருக்கிறேன். (ஏ.டி.பி. சின்தேஸின் சி-வளையத்தில் உள்ள துணை அலகுகளின் எண்ணிக்கை உயிரினத்துக்கு உயிரினம் மாறுவதால் 4 என்பதும் தோராயமே என்று தெரிகிறது. ஆனால் வளையத்தில் 8 அலகுகள் உள்ள மாட்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 2.7 தான் வருகிறது, 3 வரவில்லை.) இதனால் 38 என்பது பழைய முழு எண் மதிப்புகளின்படி போடப்பட்ட கணக்காக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அல்லது, அதிகபட்சக் கோட்பாட்டு மதிப்பைக் காட்டுவதற்காக அதைத் தாங்கள் வேண்டுமென்றே வைத்திருந்தால், எந்த அனுமானத்தின் அடிப்படையில் அது பெறப்படுகிறது என்பதை அறிய விரும்புகிறேன்.

அடுத்த வாரத் தேர்வில் இந்தக் கணக்கு கேட்கப்பட்டால் எந்தப் பெருக்கெண்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். கொழுப்பு அமிலங்களின் பீட்டா ஆக்சிஜனேற்றத்திலும் இதே எண்கள்தான் பயன்படுகின்றன என்பதால் வேறுபாடு அங்கே இன்னும் பெரிதாகிறது: பால்மிடிக் அமிலத்துக்கு ஒரு முறையில் நிகரமாக 129-உம் மற்றொன்றில் 106-உம் கிடைக்கின்றன. வகுப்பில் வேறு சிலருக்கும் இதே ஐயம் இருப்பதால், வசதிப்பட்டால் வியாழக்கிழமை வகுப்பின் தொடக்கத்தில் தாங்கள் இதை விளக்கினாலும் போதும். தனியாகப் பதில் எழுத வேண்டிய அவசியமில்லை.

ஸ்லைடுகள் 19, 27 ஆகியவற்றையும் பாடநூலின் அந்த அட்டவணைப் பக்கத்தின் படத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

நன்றியுடன்,
நிவேதா
உயிர்வேதியியல், இரண்டாம் ஆண்டு, 'ஆ' பிரிவு