கல்லடி வாவிக்கரை வீடு, மட்டக்களப்பு: மூன்று அறைகள், படங்களும் விவரமும்

வீட்டைப் பற்றி

கல்லடி, ஒரு பக்கம் வாவியும் மறு பக்கம் கடலுமாக நடுவில் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம். எங்கள் வீடு வாவிப் பக்கம் இருக்கிறது. கடலுக்கு நடந்து போகப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். பிரதான வீதியைக் கடந்துதான் போக வேண்டும். ஆகவே இது கடற்கரை விடுதி அல்ல.

முன்பு இதே இடத்தில் ‘கடற்கரை விடுதி’ என்றுதான் எழுதியிருந்தது. படம் எடுக்க வந்த தம்பி எழுதித் தந்ததை நாங்கள் வாசித்துப் பார்க்காமல் போட்டுவிட்டோம். அவருடைய அகலக் கோண வில்லையில் எங்கள் பின்னறை கலியாண மண்டபம் போல விழுந்திருந்தது. அதைப் பார்த்து நான்கு பிள்ளைகளோடு வந்த ஒரு குடும்பத்தலைவர் அறை வாசலில் நின்று, “ஐயா, படத்தில் இருந்த அறை எங்கே?” என்று கேட்டார். அதுதான் இது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்றிரவே பழைய படங்களை எல்லாம் கழற்றிவிட்டோம்.

இப்போது இங்கே இருப்பவை 2025 ஆகஸ்டில் என் மகள் கைப்பேசியில் எடுத்தவை. வாசற்படியில் நின்று, கண் உயரத்தில், நிறத்தைக் கூட்டாமல் எடுத்தாள். அளவுகள் நான் நாடா பிடித்து அளந்தவை. நில அளவையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன்; அரை அங்குலம் பிசகினாலும் எனக்கு நித்திரை வராது.

படங்கள்: வெளிப்புறம்

படம் 1. வீட்டின் முகப்பு, காலை 9 மணி. மேல்மாடியில் தெரியும் இரண்டு யன்னல்களும் வாவி அறையுடையவை. இடப்பக்க மதிலில் பூச்சு உதிர்ந்திருப்பது உண்மைதான். மாரி முடிந்த பிறகே பூச முடியும்.

படம் 2. வீட்டுக்கு வரும் ஒழுங்கை. அகலம் 9 அடி. கார் வரும், சிறிய வானும் வரும். பெரிய பஸ் வராது. வளவுக்குள் இரண்டு கார்கள் நிற்கலாம். மூன்றாவது வந்தால் ஒழுங்கை முகப்பில் மாமரத்தடியில் விட வேண்டும்.

படம் 3. வாவி, மாலை 5.40. எங்கள் வளவு வேலியிலிருந்து எடுத்தது. இந்தத் தோணி எங்களுடையது அல்ல, பக்கத்து வீட்டு மீனவருடையது; வாடகைக்கு விடுவதில்லை. வாவியில் குளிக்க வேண்டாம். முதலை உண்டு.

படம் 4. கல்லடிப் பாலம். 2013இல் திறந்த புதிய பாலமும் அதன் அருகே பழைய இரும்புப் பாலமும். வீட்டிலிருந்து பாலம் தெரியாது. பத்து நிமிடம் நடந்து போய் எடுத்த படம். நிலாக் காலத்தில் பாலத்தடியில் மீன் பாடும் என்று கேட்டு வருவோர் அதிகம். சித்திரை முதல் புரட்டாதி வரை, பூரணையை ஒட்டிய இரவுகளில், தோணியில் போய்த் துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு மறு நுனியில் காதை வைத்துக் கேட்பது வழக்கம். நான் கேட்டிருக்கிறேன். என் மனைவி அறுபது வருடமாக இங்கே இருக்கிறார், ஒரு முறையும் கேட்டதில்லை என்கிறார். அறைக் கட்டணத்தில் மீனின் பாட்டு சேராது.

வாவி அறை (மேல்மாடி, இருவருக்கு)

12 அடி × 13½ அடி. 15 சதுர மீற்றர். ஒரு இரட்டைக் கட்டில், ஒரு அலுமாரி, ஒரு மேசை, இரண்டு கதிரைகள். குளிரூட்டியும் மின்விசிறியும் உண்டு. இணைந்த குளியலறை, வெந்நீர்க் கருவி, நுளம்பு வலை.

இந்த அறையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். யன்னலைத் திறந்தால் நேரே வாவி, அதற்கு அப்பால் அந்திச் சூரியன். ஆனால் அந்தச் சூரியன் சும்மா விழுவதில்லை. யன்னல்கள் மேற்கே பார்ப்பதால் பிற்பகல் 2 மணியிலிருந்து வெயில் நேரே கட்டில்மேல் படும். ஆனி, ஆடி மாதங்களில் தரைப்பக்கத்திலிருந்து கச்சான் காற்று வீசும்போது சுவரைத் தொட்டாலே சூடு தெரியும். அந்த நாட்களில் குளிரூட்டியைப் போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் அறை படுக்கத் தக்கதாகும். பகலில் தூங்க விரும்புகிறவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் பின்னறையைப் பாருங்கள் என்று சொல்வேன். மாலை 5 மணிக்கு மேல் இதைவிட நல்ல அறை எங்களிடம் இல்லை.

கட்டிலின் நீளம் 6 அடி, அகலம் 5 அடி. ஆறடிக்கு மேல் உயரமானவர்களுக்குப் பாதம் வெளியே நிற்கும்.

படம் 5. வாவி அறை, வாசலில் நின்று பார்க்கும்போது. கட்டிலுக்கும் வலப்பக்கச் சுவருக்கும் இடையே 2 அடி 4 அங்குலம். பெரிய பயணப்பெட்டியை விரித்து வைக்க மேசைப் பக்கத்தில்தான் இடம் கிடைக்கும்.

படம் 6. அதே அறையின் யன்னலிலிருந்து தெரியும் காட்சி. குறுக்கே போகும் மின்கம்பியை மறைக்கவில்லை. கட்டிலில் படுத்தபடி வாவி தெரியாது, வானமும் தென்னை ஓலையும்தான் தெரியும். எழுந்து நிற்க வேண்டும்.

படம் 7. வாவி அறைக் குளியலறை, 5 அடி × 7 அடி. ஷவருக்கும் கொமட்டுக்கும் இடையில் தடுப்பு இல்லை, குளித்தால் தரை முழுவதும் நனையும். இறப்பர் செருப்பு இரண்டு சோடி வாசலில் இருக்கும்.

பின்னறை (மேல்மாடி, இருவருக்கு)

10 அடி × 11 அடி. 10 சதுர மீற்றர். கலியாண மண்டபமாகத் தோன்றியது இதுதான். இரண்டு ஒற்றைக் கட்டில்கள். சேர்த்துப் போடலாம், ஆனால் நடுவில் பிளவு தெரியும். மின்விசிறி மட்டும், குளிரூட்டி இல்லை. மூன்றாவது மெத்தை போட இடம் இல்லை, பிள்ளைக்கென்று கேட்டாலும் இல்லை.

கிழக்கு யன்னல். காட்சி என்று சொல்ல ஒன்றும் இல்லை: பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரை, ஒரு முருங்கை மரம், காலையில் அதில் வந்து கத்தும் செண்பகம். ஆனால் வெயில் முற்பகலோடு போய்விடும். மதியத்திலிருந்து கடற்காற்று வரும். தனியே வந்து எழுதவோ படிக்கவோ விரும்புகிறவர்களுக்கு நான் இந்த அறையைத்தான் தருவேன். விலையும் குறைவு.

குளியலறை இணைந்ததல்ல. அறைக் கதவிலிருந்து ஏழு அடி தள்ளி, இந்த அறைக்காரர்கள் மட்டும் பயன்படுத்துவது. சாவி உங்களிடமே இருக்கும். வெந்நீர்க் கருவி இல்லை. கூரைத் தாங்கியில் வெயில் படுவதால் பிற்பகல் 3 மணிக்குத் தண்ணீர் தானாகவே சுடும். மார்கழியில் அதிகாலைக் குளியல் என்றால் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். சொன்னால் அடுப்பில் ஒரு வாளி காய்ச்சித் தருவோம்.

படம் 8. பின்னறை. அறைக்குள் நின்றால் முழு அறையும் படத்தில் அடங்கவில்லை. அதனால் நடையில் நின்று எடுத்தோம். படத்தின் ஓரத்தில் கதவுநிலை தெரிவது அதனால்தான்.

படம் 9. பின்னறை யன்னல். முருங்கை மரம் கோடையில் இலை உதிர்க்கும், அப்போது கூரை முழுவதும் தெரியும்.

குடும்ப அறை (கீழ்த்தளம், நால்வருக்கு)

14 அடி × 16 அடி. ஏறக்குறைய 21 சதுர மீற்றர். ஒரு இரட்டைக் கட்டில், இரண்டு ஒற்றைக் கட்டில்கள், குளிரூட்டி, இணைந்த குளியலறை. வெந்நீர் இல்லை. வாசலில் ஒரே ஒரு படி, உயரம் 5 அங்குலம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் எளிதாக ஏறலாம். சக்கர நாற்காலி அறைக்குள் வரும், ஆனால் குளியலறைக் கதவு 26 அங்குலம்தான். நாற்காலியின் அகலத்தை முன்கூட்டியே சொல்லுங்கள், அளந்து பார்த்துப் பதில் தருகிறேன்.

வாவி தெரியாது. யன்னலுக்கு வெளியே எங்கள் விறாந்தையும் சமையலறை வாசலும் இருப்பதால் காலை 5.30க்கு அம்மி, தேங்காய் துருவும் சத்தம் கேட்கும்.

படம் 10. குடும்ப அறை, மின்விளக்குகள் எரியும்போது. பகலிலும் விளக்கில்லாமல் இந்த அறை மங்கல்தான்.

படம் 11. அதே அறை, விளக்கை அணைத்து, காலை 10 மணிக்கு. இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

படம் 12. காலைச் சாப்பாடு: பிட்டு, மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல், வாழைப்பழம். ஒருவருக்குப் பரிமாறிய அளவே படத்தில் உள்ளது. கட்டணத்தில் சேராது, ஒருவருக்கு 900 ரூபா, முதல் நாள் மாலை 6 மணிக்குள் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மரக்கறிதான். எருமைத் தயிர் கிடைத்த நாளில் வைப்போம், கிடைக்காத நாளில் கேட்காதீர்கள்.

கிணற்றுத் தண்ணீர் சற்று உவர்ப்பு. குளிக்கலாம்; சவர்க்காரம் நுரைக்கச் சுணங்கும். குடிக்க ஒவ்வொரு தளத்திலும் 19 லீற்றர்ப் போத்தல் வைத்திருக்கிறோம், அதற்குப் பணம் இல்லை.

சத்தம், மின்சாரம், காலநிலை

அதிகாலையில் கோயில் மணி கேட்கும். காற்று தெற்கிலிருந்து வந்தால் காத்தான்குடிப் பக்கத்துப் பாங்கும் கேட்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் இரவு முழுவதும் ஒலிபெருக்கி பாடும். அதைக் கேட்கவே வருகிறவர்கள் உண்டு. அமைதி தேடி வருகிறவர்கள் வேறு கிழமை பாருங்கள்.

மின்சாரம் நின்றால் விசிறிக்கும் விளக்குக்கும் மின்கலம் நான்கு மணி நேரம் தாங்கும். குளிரூட்டி வேலை செய்யாது. வைஃபை கீழ்த்தளத்திலும் வாவி அறையிலும் நன்றாக வரும், பின்னறையில் கதவைத் திறந்து வைத்தால் வரும்.

கார்த்திகை முதல் தை வரை மாரி. அப்போது படம் 3இல் உள்ள நீலம் இராது; வாவி தேநீர் நிறத்தில் வேலி வரை ஏறி நிற்கும், ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீர் ஓடும். கல்லடிக் கடலில் நீரோட்டம் பலம்; பிள்ளைகளை இறக்க வேண்டாம். ஆழமில்லாத கடல் வேண்டும் என்றால் பாசிக்குடா, வடக்கே சுமார் 35 கிலோமீற்றர்.

நீச்சல் குளம் இல்லை. முன்பு வசதிப் பட்டியலில் ‘நீச்சல் குளம்’ என்ற கட்டத்தில் சரி அடையாளம் இருந்தது. யார் போட்டது என்று இன்று வரை தெரியவில்லை.

வருகை

அறை பிற்பகல் 1 மணிக்குத் தயாராகும். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்கள் விடியுமுன்னே இறங்கிவிடுவீர்கள். அறை வெறுமையாக இருந்தால் அப்போதே தருவோம், கூடுதல் பணம் கேட்க மாட்டோம். இல்லாவிட்டால் விறாந்தையில் சாய்மனைக் கதிரை உண்டு, வெளிக் குளியலறையில் முகம் கழுவலாம், தேநீர் வரும்.

படம் 13. அந்தச் சாய்மனைக் கதிரை. வலது கையில் ஒரு பிரம்பு அறுந்திருக்கிறது. அதில் கிடக்கும் பூனை பெரும்பாலும் எழும்பாது, நீங்கள்தான் தூக்கி இறக்க வேண்டும்.