ஒரு பல்ப் அணைந்தால் மற்றது ஏன் அணைகிறது? மின்சுற்று: க்ரேட் 8 பாடத்திட்டம்

இடம்: சாட்ஸ்வொர்த், டர்பன். கோயில் மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு
மாணவர்கள்: 18 பேர், மூன்று பேராக ஆறு குழு
நேரம்: 75 நிமிடம்

வகுப்பை எடுக்கப்போகும் ஆசிரியருக்கு: பிள்ளைகள் இந்தப் பாடத்தைப் பள்ளியில் மூன்றாம் பருவத்தில் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்ற சொற்களை முதலிலேயே பலகையில் எழுதிவிடாதீர்கள். பல்ப் எரிவதையும் அணைவதையும் கையால் செய்து பார்த்த பிறகு சொல்லைக் கொடுத்தால் அது மனதில் நிற்கும். அதுவரை அவர்கள் "வரிசையா வச்சது", "தனித்தனியா வச்சது" என்று சொன்னாலும் சரிதான்.

ஒரு குழுவுக்குத் தேவையானவை: 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி 2, 2.5 வோல்ட் என்று பொறித்த டார்ச் பல்ப் 2, பல்ப் ஹோல்டர் 2, இரு முனையும் உரித்த வயர் 4, டேப். வகுப்புக்குப் பொதுவாக ஒரு மல்டிமீட்டர். எல்இடி வேண்டாம், திருப்பிப் போட்டால் எரியாது, பிள்ளைகள் சுற்றுதான் தப்பு என்று நினைத்துவிடுவார்கள். ஒவ்வொரு பல்பையும் முந்தின நாளே எரியவைத்துப் பார்த்துவிடுங்கள்.

1. ஆர்வத்தைத் தூண்டுதல் (8 நிமிடம்)

தீபாவளிக்குக் கட்டும் பழைய சீரியல் லைட் ஒன்றைக் காட்டுங்கள். பிளக்கில் சொருக வேண்டாம். "இதில் ஒரு பல்ப் போனால் மொத்தச் சரமும் அணைந்துவிடும். வீட்டில் சமையலறை லைட்டை அணைத்தால் படுக்கையறை லைட் அணைகிறதா? ஏன் இல்லை?" என்று கேளுங்கள். வருகிற பதில்களையெல்லாம் பலகையில் எழுதுங்கள். எதையும் திருத்த வேண்டாம்.

2. ஆராய்தல் (30 நிமிடம்)

பாடத்தின் உயிர் இங்கேதான். இங்கே அவசரப்படாதீர்கள்.

முதலில் ஒரு பேட்டரி, ஒரு பல்ப், ஒரே ஒரு வயர் மட்டும் கொடுங்கள், ஹோல்டர் வேண்டாம். "எரிய வையுங்கள்." பலர் வயரை பல்பின் அடிமுனையில் மட்டும் தொடுவார்கள், எரியாது. அப்போது நீங்கள் செய்து காட்டினால் பாடம் போய்விடும். "பல்பில் எத்தனை உலோக இடம் இருக்கிறது, தடவிப் பார்" என்று மட்டும் சொல்லுங்கள். அடிமுனை ஒன்று, திருகும் பக்கம் இன்னொன்று என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒரு பேட்டரியில் வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள்.

ஏதாவது ஒரு குழு வயரால் பேட்டரியின் இரு முனையையும் நேராக இணைத்துவிடும். வயர் சூடாகும். உடனே எடுக்கச் சொல்லுங்கள். குறுக்குச்சுற்று என்றால் என்ன என்று அந்தச் சூடே சொல்லிவிடும். வீட்டு பிளக்கில் இருப்பது 230 வோல்ட், இந்த விளையாட்டை அங்கே ஒருபோதும் செய்யக்கூடாது என்பதை அந்த நிமிடத்திலேயே அழுத்தமாகச் சொல்லுங்கள்.

அப்புறம் இரண்டு பேட்டரியையும் ஒன்றன் பின் ஒன்றாக டேப் போட்டு இணைத்து, இரண்டு பல்பை ஹோல்டரில் வைத்து இரண்டு விதமாக இணைக்கட்டும்: முதலில் ஒரே பாதையில், பிறகு ஒவ்வொரு பல்புக்கும் தனிப்பாதையில். ஒவ்வொரு முறையும் இணைக்கும் முன், "எது பிரகாசமாக எரியும்? ஒன்றைக் கழற்றினால் மற்றது என்ன ஆகும்?" என்ற இரண்டு கேள்விக்கும் யூகத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். எழுதாத குழுவுக்கு இரண்டாவது பல்பைக் கொடுக்காதீர்கள்.

3. விளக்குதல் (15 நிமிடம்)

முதலில் பிள்ளைகள் பேசட்டும். ஒரே பாதையில் இரண்டும் மங்கின, ஒன்றைக் கழற்றியதும் மற்றதும் அணைந்தது. தனிப்பாதையில் இரண்டும் நன்றாக எரிந்தன, ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரிந்தது. இப்போது சொற்களை எழுதுங்கள்: தொடர் இணைப்பு, பக்க இணைப்பு.

"முதல் பல்ப் கரண்ட்டைத் தின்றுவிடும், மிச்சம்தான் இரண்டாவதுக்கு" என்று நிச்சயம் ஒருவர் சொல்வார். வாயால் மறுக்காமல் மல்டிமீட்டரை எடுங்கள். தொடர் இணைப்பில் முதல் பல்புக்கு முன், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என மூன்று இடத்திலும் சுற்றைப் பிரித்து மீட்டரை நடுவில் சேர்த்து அளந்தால் ஒரே எண் வரும். மின்னோட்டம் தீர்ந்துபோவதில்லை, பல்பில் வெளிச்சமாகவும் சூடாகவும் மாறுவது ஆற்றல். இந்த அளவீட்டை ஒரு மாணவரே செய்து எண்ணை உரக்கப் படிக்கட்டும்.

4. விரிவாக்குதல் (12 நிமிடம்)

லோட் ஷெடிங் வரும்போது வீடு முழுக்க இருட்டாகிவிடுகிறது. வீட்டில் இருப்பது பக்க இணைப்பு என்றால் எல்லாம் சேர்ந்து எப்படி அணைகின்றன? குழுவாகப் பேசட்டும். கிளைகள் தனித்தனிதான், ஆனால் எல்லாக் கிளைக்கும் மின்சாரம் வரும் இடமே நின்றுவிட்டது என்பதை எட்ட வேண்டும். தடுமாறினால் பேட்டரியைக் கழற்றிக் காட்டினாலே போதும்.

5. மதிப்பிடுதல் (10 நிமிடம்)

ஒவ்வொருவரும் தனியாக வரைய வேண்டும்: இரண்டு அறை, இரண்டு பல்ப், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். ஒன்றை அணைத்தாலும் மற்றது எரிய வேண்டும். கீழே இரண்டு வரி தமிழில் காரணம். பாதை முழுமையாக மூடியிருக்கிறதா, சுவிட்ச் தன் பல்பின் கிளையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்; எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். பலகையில் இருக்கும் முதல் யூகங்களில் எதை மாற்றிக்கொண்டார்கள் என்றும் கேட்டு, அவர்களையே அழித்து எழுதச் சொல்லுங்கள்.

கலையும் முன் பேட்டரிகளைப் பிரித்து, முனைகள் ஒன்றோடொன்று தொடாதபடி பெட்டியில் வைக்க வேண்டும். அடுத்த வாரம் சாவி, பென்சில் கரி, எலுமிச்சம்பழம், ரப்பர் எதில் மின்சாரம் பாயும் என்று பார்க்கப் போகிறோம். ஆளுக்கு ஒரு பொருள் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும்.