உங்கள் வீட்டு வெள்ளைப் பணியாரத்துக்கு உளுந்து எவ்வளவு?

எங்கள் ஆயாவிடம் அளவு கேட்டால் வாயால் சொல்ல மாட்டார்கள். உழக்கை எடுத்துப் பச்சரிசியைத் தலைதட்டி அளப்பார்கள். அப்புறம் அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார்கள். சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் அளவு. காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் இன்றும் இப்படித்தான்.

எனக்குச் சிக்கல் வந்தது அந்த உழக்கு கையை விட்டுப் போன பிறகுதான். இப்போது இருப்பது எவர்சில்வர் டம்ளர். வாய் அகன்ற டம்ளரில் கோபுரம் பெரிதாகிவிடுகிறது, உளுந்து கூடிப் பணியாரம் எண்ணெய் குடிக்கிறது. வாய் குறுகிய டம்ளரில் உளுந்து குறைந்து, ஆறியதும் விறைத்துப் போகிறது. நான்கு தடவை சுட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பும் கொஞ்சம் பாலும் சேர்த்து, புளிக்க விடாமல் உடனே ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்கிறேன். நிறம் மாறுவதற்குள் எடுத்தும் விடுகிறேன். மற்றதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. உளுந்து மட்டும் பிடிபடவில்லை.

உழக்கு இல்லாத வீடு எங்களுடையது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் ஊர் ஊராக அளவைக் கேட்டு எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டிலும் தேவகோட்டையில் ஒரு வீட்டிலும் கேட்டேன். இரண்டு பேரும் கோபுரம் என்றே சொன்னார்கள், ஆனால் இருவர் கையிலும் இருந்த பாத்திரம் வேறு வேறு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு உங்கள் வீட்டில் எத்தனை கரண்டி உளுந்து போடுகிறீர்கள்? அந்த எண்ணும் ஊர்ப் பெயரும் எழுதினால் போதும், ஒரே வரிதான். டம்ளர், கரண்டி எந்த அளவு என்று தெரிந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். தெரியவில்லை என்றால் அப்பத்தாவிடமோ ஆயாவிடமோ கேட்டுவிட்டு நிதானமாக எழுதுங்கள். அவர்களே பேசி ஒரு குரல் பதிவு அனுப்பினால் எனக்கு இன்னும் சந்தோஷம். கோபுரம் வைக்கும் பழக்கமே இல்லாத வீடாக இருந்தால் அந்த அளவுதான் எனக்கு முக்கியமாக வேண்டும், 'நாங்கள் வேறு மாதிரி' என்று தயங்க வேண்டாம்.

பணியாரம் சுடாத வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் போனாலும் சரிதான்.

வருகிற ஒவ்வொரு அளவையும் ஒரு தடவை சுட்டுப் பார்ப்பேன். எது எப்படி வந்தது, எதில் எண்ணெய் குடித்தது, எது ஆறியும் மெத்தென்று இருந்தது என்று ஊர்ப் பெயரோடு எழுதி உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். முதல் ஈடு இந்த ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமை ராத்திரி வரை வருகிற அளவுகளுக்கு அன்றைக்கே அரிசி ஊறும், அப்புறம் வருவது அடுத்த ஞாயிறு.

பெயர் போட வேண்டாம் என்றால் சொல்லுங்கள், ஊரை மட்டும் எழுதுகிறேன்.