ஆராரோ, அடித்தது யாரோ

(19 நவம்பர் 2023, ஞாயிறு இரவு. உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் தோற்றபின், நீலச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அழுதபடியே படுத்த மகளுக்கு, தாலாட்டு மெட்டில்.)

பல்லவி

ஆராரோ ஆரிரரோ
அழுதது போதும் கண்ணம்மா
அடித்தது யார் என்று கேட்டால்
அப்பா சொல்கிறேன் கண்ணம்மா
மீசைக்கார ஹெட் மாமா அடித்தார்
மிச்சம் வைக்காமல் அடித்தார்
நூறு அடித்தும் ஆசை தீராமல்
137 அடித்தார்

சரணம் 1

சேப்பாக்கத்தில் தொடங்கினோமே
செல்லக் கண்ணே, நினைவிருக்கா?
2 ரன்னில் 3 விக்கெட் போயும்
தூக்கி நிறுத்திய ஜோடி இருக்கா?
கோலி 85, ராகுல் 97
குனிந்த தலையை நிமிர்த்தினார்கள்
இதே ஆஸ்திரேலியாவைத்தான்
எழுந்து நின்று அனுப்பினார்கள்

இலங்கை வந்தது, 55-ல் சுருண்டது
தென்னாப்பிரிக்கா 83-ல் சுருண்டது
அரையிறுதியில் ஷமியின் கையில்
ஆளுக்கு ஆள் என 7 விழுந்தது
கோலிக்கு அன்று 50-ஆம் சதம்
கொண்டாட்டத்தில் கட்டிலே உடைந்தது
(கட்டில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது,
அதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்)

பத்து ஆட்டம், பத்தும் வெற்றி
பச்சைப் பேனாவால் பத்து டிக்
காலண்டர் தாளில் வரிசையாக
கண்ணே நீதான் போட்டு வைத்தாய்
19-ஆம் தேதிக் கட்டத்துக்குள்
டிக்குக்கு இடமே விடவில்லை
முந்தின நாளே கப்பை வரைந்து
மஞ்சள் பூசி முடித்துவிட்டாய்

ஆராரோ ஆரிரரோ
அந்தக் கப்பை அழிக்காதே
கைப்பிடி இரண்டும் நன்றாய் வந்தது
கண்ணீர் விட்டுக் கரைக்காதே

சரணம் 2

டாஸ் அவர்களுக்கு. சரி, போகட்டும்
ரோகித் வந்தார், இடி இடித்தார்
31 பந்து, 47 ரன்கள்
இன்னொன்று தூக்கினார் மேக்ஸ்வெல் பந்தை
முதுகைக் காட்டி ஓடினாரே ஹெட்
முழு நீளத்துக்கும் பாய்ந்தாரே
விழுந்து புரண்டு எழுந்தபோது
விரலுக்குள்ளே பந்தம்மா
கைதட்டிவிட்டேன், தானாய் வந்தது
கண்ணால் என்னைச் சுட்டாயே
நல்ல கேட்ச்சுக்குத் தட்டத்தான் வேண்டும்
நாளைக்குச் சொன்னால் புரியும் கண்ணே

அப்புறம் வந்தது பாலைவனம்
97 பந்து, பவுண்டரி இல்லை
ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று
ஓடி ஓடியே சேர்த்தார்கள்
படம்தான் நின்று போனதோ என்று
பதறிப் போனார் சின்னத் தாத்தா
ரிமோட்டைத் தட்டி, பேட்டரி மாற்றி
டிவியின் முதுகையும் தடவிப் பார்த்தார்

54-ல் இருந்தார் கோலி
கம்மின்ஸ் போட்ட பந்தொன்று
மட்டையின் உள்விளிம்பைத் தொட்டு
மடமடவென்று ஸ்டம்பைச் சேர
அகமதாபாத்தில் சத்தமே இல்லை
90,000 பேருக்கு மேல் அங்கே
மூச்சு விடுவதைக் கேட்க முடிந்தது
"வால்யூம் கூட்டு" என்றாள் அம்மா
கூட்டினேன், கூட்டினேன், முழுதும் கூட்டினேன்
கேட்டது நம் வீட்டு மின்விசிறிதான்

240 கண்ணம்மா
240-ம் நல்ல ரன்தான் என்று
எல்லோரும் சொன்னோம், எல்லோரும் நம்பினோம்
இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கலாம்
என்று மட்டும் யாரும் சொல்லவில்லை

(பேச்சு: தாளம் நிற்க, மெதுவாக)

அப்புறம் ஆஸ்திரேலியா ஆடியதை நீ பாதிதான் பார்த்தாய். வார்னர் அவுட் ஆனபோது சின்னத் தாத்தா தண்ணீர் குடித்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். மார்ஷ் அவுட், அப்போதும் அங்கேதான். ஸ்மித் அவுட், அப்போதும் அங்கேதான். 47-க்கு 3! பாட்டி எழுந்து நின்று, "கொழுந்தனாரே, நீங்கள் நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அவர் நகரவில்லை. நாற்காலி கொடுத்தோம், வாங்கவில்லை. இடது கால் வலித்தால் வலது கால், வலது கால் வலித்தால் இடது கால். 36 ஓவர் அப்படியே நின்றார் கண்ணே. லபுஷேன் 110 பந்து நின்று 58 எடுத்தார், எல்லோரும் பாராட்டுகிறார்கள். சின்னத் தாத்தாவை யார் பாராட்டினார்கள்?

கடைசியில் இன்னும் 2 ரன்தான் பாக்கி. அப்போது ஹெட் அவுட். சின்னத் தாத்தா முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "பார்த்தீர்களா, வேலை செய்கிறது!" என்றார். அடுத்த பந்தில் ஆட்டம் முடிந்தது.

சரணம் 3

தூங்கும் முன்னே கேட்டாய் நீயே
துடைத்த மூக்கோடு கேட்டாய் நீயே
"அப்பா, அந்த மாமா மட்டையில்
ஸ்பிரிங் வைத்து இருந்தாரா?"
சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது
செல்லமே, இதை யார் சொன்னார்?
இருபது வருஷம் முன்னால் இதையே
என் வகுப்பே கேட்டதம்மா

2003, ஜோகன்னஸ்பர்க்
இதே ஆஸ்திரேலியா, இதே இறுதி ஆட்டம்
பாண்டிங் அடித்தார் 140
பந்து எல்லாம் வானத்தில் ஓட்டம்
125 ரன்னில் தோற்றோம்
மறுநாள் பள்ளியில் ஒரே பேச்சு
"மட்டைக்குள்ளே ஸ்பிரிங் இருந்ததாம்
மறுபடி ஆட்டம் நடக்கப் போகுதாம்"
தேதி கூடச் சொன்னான் ஒருவன்
தினமும் காத்துக் கிடந்தோமே
ஸ்பிரிங்கும் இல்லை, ஆட்டமும் இல்லை
பரீட்சை மட்டும் வந்ததம்மா

ஸ்பிரிங் இல்லை கண்ணம்மா
சிறப்பாய் ஆடினார், அவ்வளவுதான்
உன் பள்ளியில் நாளை சொல்வார்கள்
ஒரு வாரம் நம்பு, தப்பில்லை
நாங்கள் ஒரு மாதம் நம்பினோம்
நன்றாய் இருந்தது அந்த மாதம்

சரணம் 4

நம்மைப் போலே நிறையப் பேர் உண்டு
நள்ளிரவில் விழித்திருந்தவர் உண்டு
கால்பந்தில் நெதர்லாந்து பாரம்மா
74, 78, 2010
மூன்று முறையும் வாசல் வரைக்கும்
முத்தம் மட்டும் கிடைக்கவில்லை

லார்ட்ஸில் நின்ற நியூசிலாந்து பாரம்மா
2019, அதைச் சொன்னால் நெஞ்சு பதறும்
241-க்கு 241
சூப்பர் ஓவரில் 15-க்கு 15
பவுண்டரியை எண்ணிப் பார்த்துக்
கோப்பையை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள்
நியூசிலாந்துப் பிள்ளைகள் அன்றைக்கு
அப்பாவிடம் என்ன கேட்டார்களோ!
அந்த அப்பாக்கள் பாவம் கண்ணே
ஸ்பிரிங் கதைகூட அவர்களுக்கு இல்லை

ஆராரோ ஆரிரரோ
அசையாதே, கொஞ்சம் திரும்பிப் படு
கன்னத்தில் வரைந்த மூவண்ணக் கொடி
தலையணை உறையில் இறங்கிவிட்டது
காவி கொஞ்சம், பச்சை கொஞ்சம்
நடுவில் உறையே வெள்ளைதானே
அம்மா துவைக்க எடுக்கும் முன்னே
அப்பா மடித்து வைக்கிறேன்

கடைசிச் சரணம்

ஷமிக்கு 24 விக்கெட் கண்ணே
கோலிக்கு 765 கண்ணே
விருது வாங்க நடந்து போனார்
வெறுங்கை போலவே நடந்து போனார்
ரோகித் கண்ணும் கலங்கியதே
பெரியவர்களும் அழுவார்கள், பார்
நீ மட்டும் என்று நினைக்காதே
நிலைப்படியில் ஒருவர் அழுதார்

ஆராரோ ஆரிரரோ
அடுத்த வியாழன் ஆட்டமிருக்கு
விசாகப்பட்டினத்தில் டி20
விருந்தாளி அதே ஆஸ்திரேலியா
சின்னத் தாத்தா காலில் தைலம்
தேய்த்துக்கொண்டு கேட்கிறார்
"வியாழக்கிழமை நான் நிற்பது
இந்த நிலைப்படியா, சமையலறை நிலைப்படியா?"