பகுப்பாய்வுத் திட்டம்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 50 துணை சுகாதார நிலையப் பகுதிகளை ஒன்றியவாரியாகப் பிரித்து, அவற்றில் சமவாய்ப்பு முறையில் 25 பகுதிகளைப் புதிய ஏற்பாட்டுக்கும் 25 பகுதிகளை வழக்கமான ஏற்பாட்டுக்கும் ஒதுக்குவோம். 2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப்படி உயர் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருவது இரு பிரிவுக்கும் பொது. புதிய பிரிவில் மட்டும், வெளியூர் வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை முன்கூட்டியே தந்து, மாதம் ஒருமுறை தொலைபேசியில் விசாரிப்போம். ஒதுக்கீடு தனி ஆளுக்கு அல்ல, பகுதிக்கு என்பதால், கீழே உள்ள கணக்குகள் எல்லாமே பகுதியைக் கொத்தாகக் கொண்டவை.

முதன்மை விளைவு, 12ஆம் மாதத்தில் சிஸ்டாலிக் ரத்த அழுத்தம். ஒவ்வொரு வருகையிலும் மூன்று முறை அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்வோம். 6, 12ஆம் மாத அளவுகளை ஒரே நேரியல் கலப்பு விளைவு மாடலில் சேர்ப்போம். R மென்பொருளில் அதன் வடிவம்:

```
sbp ~ arm * visit + sbp0 * visit + age + sex + block + (1 | cluster/id)
```

இதில் தொடக்க ரத்த அழுத்தத்தை (`sbp0`) விடவே முடியாது. ஒருவரின் பிந்தைய அளவை அதைவிட நன்றாகச் சொல்லும் தகவல் வேறு எதுவும் எங்கள் கையில் இல்லை. கொத்துகள் 50தான் என்பதால் கென்வர்ட்-ரோஜர் திருத்தத்துடன் 95% நம்பிக்கை இடைவெளி தருவோம். ஒதுக்கப்பட்ட பிரிவிலேயே வைத்து எல்லோரையும் கணக்கிடுவோம்; தொலைபேசியை எடுக்காதவர்களும் புதிய பிரிவினர்தான். 140/90-க்குக் கீழே கட்டுப்பாட்டில் இருப்பவர்களின் விகிதம் இரண்டாம் நிலை விளைவு. அதற்குக் கொத்துகளைக் கணக்கில் கொண்ட திருத்திய பாய்சான் மாடல். ஆண்-பெண், வெளியூர் வேலைக்குப் போகிறவர்-போகாதவர் என்ற இரண்டு துணைக்குழுக்களை மட்டும் பார்ப்போம், வேறு எதையும் பின்னால் சேர்க்க மாட்டோம்.

பங்கேற்பாளர் எண்ணிக்கைக்கு வருவோம். இரு பிரிவுக்கும் இடையே 4 மி.மீ. பாதரச வித்தியாசத்தைக் கண்டறிய விரும்புகிறோம். அதைவிடச் சிறிய பலனுக்கு, ஏற்கெனவே வேலைப்பளு உள்ள திட்டத் தன்னார்வலர்களிடம் இன்னொரு பணியை ஒப்படைப்பது நியாயமில்லை என்று கருதுகிறோம். திட்ட விலக்கம் 16, சோதனைத் திறன் 90%, இருபக்கச் சிறப்புக்காண் மட்டம் 5% என்றால், தனிநபர் ஒதுக்கீட்டில் பிரிவுக்கு 337 பேர் போதும். கொத்துக்குள் ஒட்டுறவுக் கெழு 0.03 என்றும், இறுதி அளவீட்டில் கொத்துக்கு 25 பேர் இருப்பார்கள் என்றும் வைத்துக்கொண்டால், வடிவமைப்பு விளைவு 1 + 24 × 0.03 = 1.72. அப்போது பிரிவுக்கு 580 பேர், அதாவது 24 கொத்துகள். கொத்து எண்ணிக்கை குறைவு என்பதற்காக ஒன்றைக் கூட்டி 25 ஆக்கினோம். 15% பேர் விடுபடுவார்கள் என்று கொண்டு கொத்துக்கு 30 பேரைச் சேர்ப்போம். மொத்தம் 1,500 பேர். கெழு 0.05 ஆக இருந்துவிட்டாலும் சோதனைத் திறன் 80%-க்கு மேலேயே நிற்கும். தொடக்க அளவால் கிடைக்கும் கூடுதல் துல்லியத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது கையிருப்பாக இருக்கட்டும்.

விடுபடும் தரவுதான் இந்த ஆய்வின் கடினமான இடம். அளக்கப் போகும் நாளில் வீட்டில் இல்லாதவர்களில் பலர் பெங்களூரு கட்டட வேலைக்குப் போனவர்களாக இருப்பார்கள். மாத்திரை நின்றுபோக வாய்ப்பு அதிகம் உள்ளவர்களும் அவர்களே. கிடைத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், யாருக்காக இந்த ஏற்பாடோ அவர்களே கணக்கில் வராமல் போவார்கள். அதனால் முதல் வேலை விடுபடுவதைக் குறைப்பது: பொங்கல், ஊர்த் திருவிழா நாட்களை ஒட்டி வருகைகளை வைப்போம், ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஆறு வாரக் கால அவகாசம் தருவோம், வராததற்கான காரணத்தை ஒவ்வொரு முறையும் பதிவு செய்வோம். தொடக்க அளவு இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை என்பதால் அதில் விடுபடல் இராது.

மேலே சொன்ன கலப்பு மாடல் ஒரு வருகை அளவு மட்டும் இருப்பவரையும் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் மாடலில் உள்ள தகவலே விடுபடலை விளக்கிவிடும் என்ற அனுமானத்தில்தான் அது சரி. இடம்பெயர்வு, மாத்திரை வாங்கிய நாட்கள், தொலைபேசிப் பதில் ஆகியவை மாடலுக்கு வெளியே இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து, கொத்து அமைப்பைக் காக்கும் பன்மடங்கு நிரப்பலை இரு பிரிவிலும் தனித்தனியாகச் செய்து, 50 நிரப்பிய தொகுப்புகளின் முடிவுகளை ரூபின் விதிப்படி இணைப்போம். அப்புறம் அந்த அனுமானத்தையே சோதிப்போம்: புதிய பிரிவில் விடுபட்டவர்களின் நிரப்பிய அளவுடன் 2, 4, 6, 8 மி.மீ. என்று கூட்டிக்கொண்டே போய், எந்த இடத்தில் நம்பிக்கை இடைவெளி பூஜ்யத்தைத் தொடுகிறது என்று அறிக்கையில் காட்டுவோம். இறந்தவர்களின் அளவுகளை நிரப்ப மாட்டோம். இறப்புகளைப் பிரிவுவாரியாகத் தனியே தருவோம்.

முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே இந்தத் திட்டத்தை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் (CTRI) பதிவு செய்வோம். பகுப்பாய்வாளருக்குப் பிரிவுகள் ‘அ’, ‘ஆ’ என்று மட்டுமே தெரியும். நிரல் முழுவதும் எழுதி முடித்துத் தேதியிட்டுப் பூட்டிய பிறகே எது எந்தப் பிரிவு என்று திறப்போம்.