காட்சி 3, படித்துறையில் தண்ணீர் ஏறுவது: கட்சீன் திட்டம்

மொத்தம் 22 விநாடி. போன வாரம் 50 என்று எழுதியிருந்தேன், அதை மறந்துவிடுங்கள். ஆட்டக்காரர் இதற்கு முன்புதான் ஆச்சியின் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படித்துறைப் புதிரில் நாலைந்து தடவை வழுக்கி விழுந்து வந்திருப்பார், விரல் இன்னும் பட்டனில்தான் இருக்கும், அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்து பார் என்றால் போனைக் கீழே வைத்துவிடுவார்.

வெள்ளத்தை முழுக்கக் கையால் வரையலாம் என்று தம்பி கேட்டான். ஆசைதான். ஆனால் விநாடிக்கு 12 படம் என்றால் 264 படம், 640×360 அளவில் ஒன்றுக்கு 0.9 எம்பி, சுருக்காமல் நினைவகத்தில் ஏற்றினால் 240 எம்பிக்கு மேல் போய்விடும். நம் சோதனை போனில் மொத்த ரேமே 2 ஜிபி. கோடோவில் வீடியோவாகப் போடலாம் என்றால் அது தானாக ஏற்பது ஓக் தியோரா மட்டும், அதில் நம் மெல்லிய கோடெல்லாம் மங்கிவிடும்.

அதனால் எல்லாமே எஞ்சினுக்குள்.

0–5: பேரனின் கட்டுப்பாட்டை இன்னும் பிடுங்க வேண்டாம். அவன் நடக்கும்போதே கேமரா பைய ஆற்றுப் பக்கம் நகரட்டும்.

5–16: இதுதான் காட்சி. குறுக்குத்துறை மாதிரி ஆற்றுக்குள் நிற்கும் கல்மண்டபம், அதன் முன்னால் மூன்று படி, படிக்கு 16 பிக்சல். தண்ணீர் ஒரே ஒரு ஸ்ப்ரைட், செம்மண் கலங்கல் நிறம், அதை 48 பிக்சல் மேலே ஏற்றினால் போதும். ஆனால் ஒரே சீராக ஏறக் கூடாது: ஒரு படி முங்கும், நிற்கும், அடுத்த படி. வேரோடு ஒரு வாழை மிதந்து போகட்டும். இசை வேண்டாம், தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

16–22: ஆச்சியின் குரல், "ஏல, பெட்டிய விட்டுட்டு மேல ஏறுல!" முகத்தை அருகில் காட்ட வேண்டாம், நம் ஆச்சி ஸ்ப்ரைட்டுக்கு வாயே கிடையாது, முதுகுப் பக்கம் போதும். 22-இல் கட்டுப்பாடு திரும்பும்போது பெட்டி இன்னும் பேரன் கையில்தான், விடுவதும் விடாததும் ஆட்டக்காரர் பாடு.

ஸ்கிப் முதல் விநாடியிலிருந்தே இருக்க வேண்டும். போன பில்டில் நான் seek() வைத்து முடிவுக்குத் தாவினேன், animation_finished சிக்னல் வரவே இல்லை, பேரன் சிலை மாதிரி நின்றுவிட்டான். இனி இது:

```
anim.advance(anim.current_animation_length - anim.current_animation_position)
```

இடையில் உள்ள சத்தங்களும் ஒரேயடியாகக் கிளம்பும், எனவே முதலில் ஆடியோ பஸ்ஸை மியூட் செய்துவிட்டு, சிக்னல் வந்ததும் அவற்றை நிறுத்தி மியூட்டை எடுங்கள்.

தம்பி, வாழையை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் வரைந்து கொடு, குலையோடு.